பனோரமா குழுப்படத்தில் இழுபடும் முகங்கள்

"அழகர்கோவில் காதணி விழாவில் 30 பேரை மொபைல் பனோரமாவில் எடுத்தேன். மூன்று முகங்கள் இழுபட்டுவிட்டன. அடுத்த முறை எப்படித் தவிர்ப்பது?"

வணக்கம். முதலில் அம்முகங்களின் பின்னணியைப் பாருங்கள். தூணும் சுவரும் நேராக இருந்து முகம் மட்டும் இழுபட்டிருந்தால் பெரும்பாலும் அவர் அசைந்திருக்கிறார். பின்னணியும் உடைந்திருந்தால் உங்கள் லென்ஸ் இடம்பெயர்ந்திருக்கிறது. கையை நீட்டியபடி உடலைத் திருப்பும்போது லென்ஸ் ஒரு வட்டத்தில் நகர்வதால், அருகில் நிற்பவர்கள் பின்னணியைவிட அதிகமாக விலகித் தெரிகிறார்கள். மொபைல் எடுக்கும் படப்பட்டைகளை இணைத்துப் பனோரமா ஆக்கும்போது முகம் பொருந்தாமல் போவது இதனால்தான். ஆகவே மொபைலை ஓரிடத்தில் நிறுத்தி, அதைச் சுற்றி நீங்கள் நகருங்கள்.

சென்ற ஆண்டு மதுரையில் ஒரு மண்டபத்தில் 24 உறவினர்களை எடுத்தபோது நான் பனோரமாவையே தவிர்த்தேன். அனைவரையும் என்னிடமிருந்து சம தூரத்தில் பிறைபோல நிற்கவைத்து, மொபைலை நிமிர்த்திப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று வருமாறு நான்கு தனிப்படங்கள் எடுத்து, கணினியில் Hugin என்னும் இலவச மென்பொருளில் இணைத்தேன். இரு படங்களிலும் வரும் முகத்தை ஒன்றில் மட்டும் மறைத்துவிட்டால், இணைப்புக்கோடு முகத்தில் விழாமல் இருவருக்கு இடைப்பட்ட வெளியில் விழுகிறது. எடுத்து முடித்த பனோரமாவில் இது இயலாது; மூலப்பட்டைகள் அதில் மிஞ்சுவதில்லை.