அவர் கேட்டது கையைப் பற்றி

*எனக்கு வயது 31. ஜாதகம் பொருந்தினால் 'முதலில் நீங்களே சந்தித்துப் பேசுங்கள்' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். காபி கடையில் இரண்டு பெண்களைச் சந்தித்தேன். கால் மணி நேரத்தில் பேச்சு தீர்ந்துபோனது. ஏதாவது செய்துகொண்டே பேசு என்று நண்பன் சொன்னதால், மூன்றாவது பெண்ணை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். முந்தின இரவே படித்துவிட்டுப் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். இரண்டரை மணி நேரத்தில் எல்லாக் கூடங்களையும் பார்த்தோம். அர்த்தநாரீஸ்வரர் சிலை முன்னால் மட்டும் வெகுநேரம் நின்று, 'இந்தப் பக்கம் ஏன் ஒரு கைதான்?' என்றார். திருவெண்காடு, 11-ஆம் நூற்றாண்டு என்று சொல்லி அடுத்த கூடத்துக்கு அழைத்துப் போனேன். அவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அடுத்த சந்திப்புக்குக் கடற்கரையில் நடக்கலாமா, எங்கள் வீட்டில் சேர்ந்து சமைக்கலாமா? சமையல் யோசனை அம்மாவுக்கும் பிடித்திருக்கிறது.*

*பெயர் வேண்டாம், மடிப்பாக்கம்*

பஸ் எப்போது வரும் என்று கேட்டவரிடம் பஸ்ஸின் நிறத்தைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள், தம்பி.

ராத்திரி கண் விழித்துப் படித்தவருக்கு அந்தக் கணக்குகூடவா கண்ணில் படவில்லை? சிவனுக்கு நான்கு கை, அம்மனுக்கு இரண்டு. பாதிப் பாதியாகச் சேர்த்தால் சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று. அது தெரியாதது குற்றமில்லை. 'உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்று கேட்காததுதான் குற்றம். கல்யாணப் பேச்சு நடக்கும் நேரத்தில், ஆணோடு பாதியாகிப்போன அம்மனுக்கு ஏன் ஒரு கைதான் என்று ஒரு பெண் கேட்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொல்வீர்களா, சம்பளத்தில் பெற்றவர்களுக்குக் கொடுக்கலாமா என்பதெல்லாம் அந்தச் சிலைக்கு முன்னாலேயே பேச்சில் வந்திருக்கும். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

உங்கள் நண்பர் சொன்னது சரி, ஆனால் பாதியைத்தான் சொன்னார். காபி மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் எதிரில் இருப்பவரின் முகத்தைத் தவிர பார்க்க வேறொன்றும் இல்லை. அதனால் சும்மா இருந்தாலே ஏதோ தப்பு நடந்தது போல இருக்கும். பக்கத்தில் நின்று இருவரும் ஒரு சிலையைப் பார்க்கும்போது அந்தச் சங்கடம் இல்லை. பேசாமல் நிற்கலாம், யோசிக்கலாம், தோன்றியதைக் கேட்கலாம். அவர் அப்படித்தான் கேட்டார். உங்கள் விளக்கவுரையில் அவருக்குக் கிடைத்த ஒரே இடைவெளி அது!

அருங்காட்சியகத்துக்கு இனி யாரோடு போனாலும் வெண்கலக் கூடம் ஒன்று போதும். முக்கால் மணி நேரம். படிக்காமல் போங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நில்லுங்கள். பலகையில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டாதீர்கள், அவருக்கும் படிக்கத் தெரியும். பிறகு வெளியே வந்து ஒரு டீ. பார்த்ததைப் பற்றிய பேச்சு அங்கேதான் வரும். இரண்டரை மணி நேரம் நடந்து கால் கடுத்தவருக்கு வீட்டுக்குப் போகும் நினைப்புதான் வரும். (வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. பூட்டிய கேட்டின் முன் நின்றுவிடாதீர்கள்.)

சம்பளம், சொந்த வீடு, சித்தப்பா என்ன செய்கிறார் என்பதெல்லாம் பெரியவர்கள் விசாரித்துக்கொள்வார்கள். அது அவர்கள் கடமை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்களால் விசாரிக்க முடியாததைத் தெரிந்துகொள்ளத்தான் உங்கள் இருவரையும் தனியாக அனுப்புகிறார்கள்.

சமையலுக்கு வருவோம். அம்மாவுக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று உங்களுக்குப் புரியவில்லையா? பெண் வெங்காயம் நறுக்கும் அழகைக் கூடத்திலிருந்து பார்க்கலாம். அந்தக் காலத்துப் பெண் பார்க்கும் படலத்தில் பஜ்ஜி தட்டோடு நிற்க வைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதுவும் உங்கள் அடுப்படியில் உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று தெரியாமல் அவர் தடுமாற வேண்டும். நீங்கள் ரசம் வைப்பீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதலில் அம்மாவிடம் நின்று ஒரு மாதம் கற்றுக்கொள்ளுங்கள். சேர்ந்து சமைப்பது நாலைந்து சந்திப்புக்குப் பிறகு, அவருக்கும் சம்மதம் என்றால் பார்க்கலாம்.

இப்போதைக்குக் கடற்கரை போதும். ஆனால் புதிதாக ஒருவரைத் தேடுவதற்கு முன், அந்தப் பெண்ணுக்கு இரண்டே வரி எழுதுங்கள்: 'அந்தக் கையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.' பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், தரகரை அனுப்பி நச்சரிக்கக் கூடாது. வந்தால், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் பெசன்ட் நகர். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று இரண்டு வீட்டிலும் தெரிந்திருக்கட்டும். மணலில் வேண்டாம், புதுச் செருப்போடு வந்தால் அவர் பாடு திண்டாட்டம். சாலையோர நடைபாதையிலேயே, அவர் வேகத்துக்கு நடங்கள்.