எத்தனை பேரில் எத்தனை பேர்?

கேள்வி: வியாசர்பாடியில் பத்து வருஷமாகப் பசங்களுக்குக் காலையில் ஃபுட்பால் சொல்லித் தருகிறேன். சாயங்காலம் பெரம்பூரில் ஒரு ஜிம்மில் ட்ரெய்னர். ஃபுட்பால் கோச்சுக்கான ஏஐஎஃப்எஃப் டி லைசென்ஸ், என்ஐஎஸ் ஆறு வாரக் கோர்ஸ், ஜிம் ட்ரெய்னருக்கான ஏசிஇ சர்டிபிகேட் எல்லாம் இருக்கிறது. ரெஸ்யூமே நாலு பக்கம் வந்துவிட்டது. ஸ்கூல்களுக்கு அனுப்பினால் ஒருத்தரும் கூப்பிடுவதில்லை. கூடவே அனுப்பியிருக்கிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

பதில்: உங்கள் ரெஸ்யூமேயை இரண்டு முறை படித்தேன். வேலை நிறையச் செய்திருக்கிறீர்கள். ஆனால் படிக்கிறவருக்கு அது கண்ணில் படவில்லை. முதல் பக்கத்தில் இருக்கும் இந்த வரியைப் பாருங்கள்: "பல மாணவர்களை மாநில அளவில் வெற்றி பெறச் செய்துள்ளேன், நூற்றுக்கணக்கானோரின் எடையைக் குறைத்துள்ளேன்." எனக்கு வரும் பத்து ரெஸ்யூமேயில் எட்டில் இதே வரிதான். அதனால் கண் தாண்டிப் போய்விடுகிறது. நேர்காணலில் உட்காருகிறவர் பெரும்பாலும் பழைய பி.இ.டி. மாஸ்டர். அவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை பேரில் எத்தனை பேர், எவ்வளவு நாளில், அதில் உன் பங்கு என்ன?

டீமிலிருந்து தொடங்குவோம். "எங்கள் அணி சாம்பியன்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் போட்டி, எத்தனை அணிகள் ஆடின என்று இல்லை. நாலு டீம் ஆடும் தெருக் கோப்பையும் சாம்பியன்தான், பள்ளி விளையாட்டில் குறுவட்டம் தாண்டி மாவட்டம், மாநிலம் என்று போனதும் சாம்பியன்தான். இரண்டாம் பக்கத்தின் அடியில் கைக்கணக்கு போல ஒரு குறிப்பு வைத்திருக்கிறீர்களே, உண்மையான சரக்கு அங்கேதான் இருக்கிறது. அதை எடுத்து மேலே இப்படி வையுங்கள்:

"13 வயதுக்கு உட்பட்டோர் அணி, தலைமைப் பயிற்சியாளர், இரண்டு சீசன். 31 ஆட்டம்: வெற்றி 14, டிரா 8, தோல்வி 9. முதல் சீசனில் 15 ஆட்டத்தில் வாங்கிய கோல் 29, இரண்டாவதில் 16 ஆட்டத்தில் 17."

ஒன்பது தோல்வியைக் காட்டினால் கெட்ட பெயர் வருமே என்று தோன்றும். வராது. தோல்வியே இல்லாத ரெக்கார்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அந்தக் கோல் கணக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு கோல் வாங்கிய டிஃபென்ஸ் ஒன்றுக்கு இறங்கியிருக்கிறது. "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்காமல் இருக்கமாட்டார்கள். அப்போது பேச உங்களிடம் விஷயம் இருக்க வேண்டும், அது இருக்கிறது என்பது உங்கள் ட்ரெயினிங் நோட்டில் தெரிகிறது.

பங்கு விஷயத்தில் மட்டும் கவனம். ஒரு முறை ஒருத்தர் "மாவட்டச் சாம்பியன் டீம் கோச்" என்று போட்டிருந்தார். ஃபைனலில் ஸ்கோர் என்ன என்று சும்மா கேட்டேன். முழித்தார். விசாரித்தால் அந்த சீசனில் கோன் அடுக்கிக் கொடுத்தவர். உதவிப் பயிற்சியாளர் என்று போட்டிருந்தாலே வேலை கிடைத்திருக்கும், உதவியாளரைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

அடுத்து சர்டிபிகேட். என்ஐஎஸ் என்று மட்டும் போடாதீர்கள். பாட்டியாலாவில் இருக்கும் அந்தத் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழும் ஒரு வருட டிப்ளமோவும் வேறு வேறு. வெறுமனே என்ஐஎஸ் என்றால் படிக்கிறவர் டிப்ளமோ என்று நினைத்துக் கூப்பிடுவார், ஒரிஜினலைக் காட்டியதும் முகம் மாறும். "என்ஐஎஸ் சான்றிதழ், ஆறு வாரம், கால்பந்து, ஆண்டு" என்று நேராகப் போடுங்கள். டி லைசென்ஸ் இந்தியக் கால்பந்துச் சம்மேளனமான ஏஐஎஃப்எஃப் கொடுப்பது, அதற்கு மேல் சி, பி, ஏ எல்லாம் ஆசியச் சம்மேளனமான ஏஎஃப்சியின் லைசென்ஸ். "ஏஎஃப்சி டி" என்று உங்கள் ரெஸ்யூமேயில் இருக்கிறது, அது கைத்தவறு என்றே எடுத்துக்கொள்கிறேன். தெரிந்தவர் கண்ணில் பட்டால் மீதி வரிகளையும் சந்தேகப்படுவார்.

உங்கள் ஏசிஇ சர்டிபிகேட்டில் இருக்கும் தேதியைப் பார்த்தீர்களா? போன வருஷமே முடிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது அது. புதுப்பித்துவிட்டு எழுதுங்கள், இல்லையென்றால் "செல்லுபடி முடிந்தது, புதுப்பித்தல் நடக்கிறது" என்று போடுங்கள், நடந்தால் மட்டும். முதலுதவி, சிபிஆர் சான்றிதழுக்கும் இதே கதைதான், அதிலும் முடிவுத் தேதி உண்டு. ஸ்கூலில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த பங்கேற்புச் சான்றிதழ் ஏழெட்டு வைத்திருக்கிறீர்கள், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் அங்கேயே குறைந்துவிடும்.

ஜிம் வேலையை ஸ்கூல் ரெஸ்யூமேயில் இரண்டே வரியில் முடியுங்கள். இன்னொரு ஜிம்முக்கு அனுப்பும்போது தனி ரெஸ்யூமே, அதில் அதுதான் முதல் பக்கம். "நூற்றுக்கணக்கானோர்" வேண்டாம். நீங்கள் சொன்ன எண்ணிக்கையை வைத்தே எழுதலாம்: "ஒரு வருடத்தில் பர்சனல் ட்ரெயினிங் 14 பேர். 9 பேர் மூன்று மாதம் முடிந்து மீண்டும் பணம் கட்டித் தொடர்ந்தார்கள். ஆறு மாதம் தொடர்ந்த 7 பேரில் 5 பேருக்கு இடுப்பளவு 5 செ.மீ.க்கு மேல் குறைந்தது." ஜிம் ஓனர் முதலில் பார்ப்பது அந்த 9ஐத்தான், எடையை அப்புறம்தான் பார்ப்பார். எடையை விட இடுப்பளவு நல்லது என்பதற்கும் காரணம் இருக்கிறது: தண்ணீர் குடித்தாலே ஒரு கிலோ ஏறி இறங்கும், டேப் அவ்வளவு ஆடாது, தினமும் அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்தால். "சுகரைக் குணப்படுத்தினேன்" என்ற வரியை அடியோடு நீக்குங்கள். மருந்து மாத்திரை விஷயம் டாக்டருடையது, பிரச்சினை வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். கிளையன்ட்டின் முன்–பின் போட்டோவையும் ஒட்டாதீர்கள், எழுத்தில் அனுமதி இருந்தால் தவிர.

வயதுப் பிரிவு வரியில் "எல்லா வயதினரும்" என்று இருக்கிறது. அது யாருக்கும் உதவாது. பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிந்து நடப்பதால் நேர்காணல் செய்கிறவர் அந்தக் கட்டங்களில்தான் யோசிப்பார். உங்கள் கணக்கில் ஆறிலிருந்து ஒன்பது வயது 20 பிள்ளைகள், 13க்கு உட்பட்டோர் 22 பேர், 17க்கு உட்பட்டோரில் 12 பெண்கள். அந்தப் பெண்கள் அணியை மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். பெண்களுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவமுள்ள கோச்சைப் பள்ளிகள் தேடுகின்றன, மேலே கொண்டுவாருங்கள். வயதோடு என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்றும் ஒரு வார்த்தை வையுங்கள். ஆறு வயதுக்குப் பந்தோடு விளையாட்டு, பதினாறுக்குப் பொசிஷனும் ஓட்டப் பயிற்சியும் என்று. பிள்ளைகளின் பெயரும் போட்டோவும் வேண்டாம். போலீஸ் வெரிஃபிகேஷன் சான்று எடுத்து வைத்திருந்தால் அதை ஒரு வரியாகச் சேருங்கள், பள்ளி எப்படியும் கேட்கும்.

இவ்வளவும் இரண்டு பக்கத்தில் அடங்கும். அடியில், உங்களை மைதானத்தில் பார்த்த இரண்டு பேரின் பெயரும் நம்பரும், அவர்களிடம் முன்னாடியே சொல்லிவிட்டு. அப்புறம் ஒன்று: முகவரியில் வியாசர்பாடியை அடித்துவிட்டு "பெரம்பூர் அருகில்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்காக என்று புரிகிறது. ஆனால் இது ஃபுட்பால் வேலை. சென்னையில் பந்து தெரிந்த ஆள் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்தால் ரெஸ்யூமேயைக் கீழே வைக்கமாட்டார். வியாசர்பாடி, சென்னை 39 என்றே போடுங்கள்.