கணவருக்கு டிப்ரஷன்: நம் கையில் இருப்பதும் இல்லாததும்

கேள்வி: என் கணவருக்கு டிப்ரஷன் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு மாதமாக அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே என் பொழுது போகிறது. அவரையும் கைவிடாமல், நானும் உடைந்துபோகாமல் எப்படி இருப்பது?

குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. பால்வெட்டு, ஷீட் அடிப்பது எல்லாம் என் வீட்டுக்காரர்தான். விடியும் முன்னே கத்தியோடு இறங்குகிற மனுஷன், ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இப்போது நன்றாக இருக்கிறார். அந்தக் காலத்தில் என்னை நிமிர்த்தி வைத்தவற்றைச் சொல்கிறேன்.

சமையல், தோட்டம், ஆஸ்பத்திரி அலைச்சல், இவற்றை எப்படியும் சமாளித்துவிடுவோம். அவர் மனசு இந்த நிமிஷம் எப்படி இருக்கிறது என்று நாள் முழுக்கக் காவல் காப்பதுதான் ஆளைத் தின்றுவிடும். டிப்ரஷனில் மனநிலை கடைசியில்தான் தேறும். மாத்திரை சரியாக வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரங்களில் குமட்டல், படபடப்பு என்று பக்கவிளைவுதான் முதலில் தெரியும். பலருக்குத் தூக்கமும் பசியும் முதலில் திரும்பும், சிரிப்பு அதற்கப்புறம்தான். அதனால் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டால் தினமும் தோற்றது போலத்தான் தோன்றும்.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார், மாத்திரை போட்டாரா, எத்தனை வேளை சாப்பிட்டார், ஒரு வேலையாவது செய்தாரா. சாயங்காலம் கடுங்காப்பி கொடுக்கும்போது ஒரே ஒரு தடவை, "இன்னைக்குப் பத்துக்கு எத்தனை?" என்று கேட்பேன். "ரெண்டு" என்பார். எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுவேன். அதற்கு மேல் அன்றைக்கு அவர் மனசைப் பற்றிய விசாரணை கிடையாது. இந்த நோட்டால் இன்னொரு பயனும் உண்டு. டாக்டர் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் நம் ஆம்பிளைகள் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். நோட்டைக் காட்டினால், தூக்கம் மூன்று மணி நேரத்திலிருந்து ஐந்துக்கு வந்திருப்பது டாக்டருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அடுத்தது வேலை. மனசு வந்தால் எழுந்திருக்கலாம் என்று காத்திருந்தால் வராது. சின்னதாக ஒன்றைச் செய்தால் மனசு கொஞ்சம் பின்னால் வரும். சிகிச்சையிலேயே இதற்கு இடம் உண்டு, பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்பார்கள். எதைக் கொடுப்பது என்பதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். பால்வெட்டு விடியற்காலை வேலை. டிப்ரஷனில் பலருக்கும் விடியற்காலைதான் மிக மோசமான நேரம். அதனால் வெட்டுக்கு ஆள் வைத்தோம். அவருக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு வேலை: வீட்டை ஒட்டின வரிசையில் பத்து மரத்தில் மட்டும், வெட்டின இடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலைப் பிரித்து எடுப்பது. முதல் சில நாள் திண்ணை வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டார். "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்பதோடு விட்டேன். ஆனால் அந்தப் பத்து மரத்தை நான் போய் எடுக்கவில்லை. அது அவருடைய வேலையாகவே இருந்தது. அப்புறம் ஒரு நாள் நாலு மரம் எடுத்துவிட்டு வந்தார். பிறகு பத்து, அப்புறம் ஷீட் அடிப்பது. கத்தியும் விடியற்காலையும் கடைசியில் வந்தன.

வீட்டில் முழு வேலையையும் நாமே தலையில் தூக்கிக்கொண்டால் அவருக்கு "நான் எதுக்கும் உதவாதவன்" என்ற எண்ணம் இன்னும் உறுதியாகும், நமக்கும் இடுப்பு ஒடியும்.

காவல் காக்கவே வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, உயிர். "சாகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. என் வீட்டுக்காரர், "தோணும், ஆனா செய்யமாட்டேன்" என்றார். அதை அடுத்த முறை டாக்டரிடம் அவர் முன்னாலேயே சொன்னேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள். ரப்பர் வீடு என்றால் பால் உறைய வைக்கிற ஆசிட் இருக்கும், பூச்சிமருந்து இருக்கும். எல்லாவற்றையும் கொழுந்தன் வீட்டில் வைத்துப் பூட்டினோம். மாத்திரையையும் ஆரம்பத்தில் நானே எடுத்துக் கொடுத்தேன். எப்படி, எப்போது என்று திட்டத்தோடு பேசினால் தனியாக விடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், எங்கள் பக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், வண்டிக்கு 108. நடுராத்திரி பேச ஆள் வேண்டுமென்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. நோயாளிக்கு மட்டும் என்றில்லை, பார்த்துக்கொள்கிற நாமும் கூப்பிடலாம்.

இனி உங்கள் பங்கு. "வெளியே தெரிஞ்சா மானக்கேடு" என்று என் மாமி சொன்னார்கள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லைதான், ஆனால் ஒருவருக்காவது முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆளை என் வீட்டுக்காரரையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அவர் தன் அக்காவைச் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வந்து வீட்டில் இருப்பார்கள், நான் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்குப் போவேன். அங்கே நான் கணக்கு எழுதுகிறவள், அவ்வளவுதான். யாரும் அவரைப் பற்றி விசாரிக்காத அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு மருந்து மாதிரி. உங்களுக்கு அது சர்ச் பாட்டுக் குழுவாக இருக்கலாம், தையலாக இருக்கலாம். எதுவானாலும் நாளும் மணியும் குறித்துவிடுங்கள், "நேரம் கிடைத்தால்" என்று வைத்தால் கிடைக்காது.

ஆண்களுக்கு இந்த நோய் பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும். நோய் என்பதற்காக வசவு வாங்க வேண்டியதில்லை. "சத்தம் போட்டா நான் அடுக்களைக்குப் போயிடுவேன், அப்புறம் பேசுவோம்" என்று அவர் நிதானமாக இருக்கும்போதே சொல்லிவைத்தேன், சொன்னபடியே செய்தேன். கை ஓங்கினால் அது வேறு கதை. அன்றைக்கே பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

தாம்பத்தியத்தில் ஆசை குறைவதையும் சொல்லியாக வேண்டும், யாரும் வாய் திறப்பதில்லை. நோயாலும் குறையும், இந்த மாத்திரைகள் பலவற்றாலும் குறையும். உங்கள் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல ஆண்கள் இதற்காகவே யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம், நோயும் திரும்பலாம். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். "நல்லாத்தானே இருக்கான், இனி மாத்திரை எதுக்கு" என்று சொந்தக்காரர்கள் சொல்லும் நேரமும் அதுதான். ஜெபத்துக்குக் கூப்பிட்டால் போங்கள், மாத்திரையும் கூடவே வரட்டும்.

உங்களையும் கவனியுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமே சரியில்லை, பிடித்த எதிலும் மனசு ஒட்டவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அவருடைய அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது உங்கள் பெயரிலும் ஒரு ஓபி சீட்டு எடுங்கள்.