பிரின்சிபல் இன்டர்வியூ: போர்டு கேக்குற டிசிப்ளின் கேள்வி

"வைஸ் பிரின்சிபலா இருக்கேன், அடுத்த வாரம் ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல பிரின்சிபல் இன்டர்வியூ. டிசிப்ளின், பேரன்ட்ஸ், டீச்சர் டிரெய்னிங் பத்தி ட்ரஸ்டிங்க கேப்பாங்களாம். எப்படி பதில் சொல்றது?"

மூணையும் தனித்தனியா கேக்க மாட்டாங்க சார், பெரும்பாலும் ஒரே சம்பவமாத்தான் வரும். ஏழாங்கிளாஸ் பையன டீச்சர் அடிச்சுட்டாரு, அப்பா போட்டோவ வாட்ஸப் க்ரூப்ல போட்டுட்டாரு, என்ன பண்ணுவீங்கன்னு.

முதல்ல பையன், அவனுக்கு அடி பட்டுருக்கான்னு பாத்து முதலுதவி, அப்புறம் அவங்கப்பாவுக்கு நீங்களே அன்னைக்கே போன் போட்டு நேர்ல வரச்சொல்றது, க்ரூப்ல பதில் போடவே கூடாது. டீச்சர்கிட்ட எழுத்துல விளக்கம் வாங்கி, விசாரணை முடியுறவரை அந்த கிளாஸுக்கு வேற ஆள அனுப்புறேன்னு சொல்லுங்க. ஆர்டிஇ சட்டம் 2009, பிரிவு 17 அடிக்கிறதயும் மனசு நோக பண்றதயும் தடை பண்ணுது, அதனால "லேசாத்தான் தட்டுனாரு"ன்னு சப்பைக்கட்டு கட்டாதீங்க. அதே சமயம் டீச்சர உடனே தூக்கிடுறேன்னும் அப்பாகிட்ட வாக்கு குடுக்காதீங்க, அது மேனேஜ்மென்ட் முடிவு, கரஸ்பாண்டென்ட் இதத்தான் உத்துப் பாப்பாரு.

டிரெய்னிங் பேச்ச இங்கயே கோத்துடுங்க. சிபிஎஸ்இ சொல்ற வருஷம் 50 மணி நேரத்துல பாதி ஸ்கூல்லயே நடத்தலாம், அதுல கிளாஸ் கன்ட்ரோலுக்கு ஒரு பங்கு வச்சு, அந்த டீச்சரோட கடைசி பீரியட்ல நானே பின்னாடி உக்காந்து பாத்து, சத்தம் எப்ப கெளம்புதுன்னு குறிச்சு அவர்கிட்ட தனியா பேசுவேன்னு சொல்லுங்க. செமினார் வைப்பேன்னா யாரும் நிமிந்துகூட பாக்க மாட்டாங்க.