"தெய்வம் மாதிரி சேர்" எண்டத வெட்டுங்க, சைக்கிள வெட்டாதீங்க

கேள்வி: அக்கா, நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் சின்னதா ஒரு ரியூசன் வகுப்பு நடத்துறன். ஒரு புள்ளைட அம்மா வாட்ஸ்அப்பில ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கா. "சேர், மகள் 9ஆம் ஆண்டு மூண்டாம் தவணையில கணிதத்துக்கு 28 எடுத்தவ. இந்த வருசம் மூண்டாம் தவணையில 53. முந்தி கணக்குக் கொப்பிய ஒளிச்சு வைப்பா, இப்ப அவவே எடுத்துக்கொண்டு வந்து இருக்கா. பிழைச்ச கணக்க அடுத்த கிழமை திருப்பியும் செய்ய விடுறீங்களாம் எண்டு சொன்னவ. வகுப்பு 7 மணிக்கு முடியுது, இருட்டில சைக்கிள்ல வாறது எனக்குப் பயம், அத மட்டும் கொஞ்சம் பாருங்க. நீங்க தெய்வம் மாதிரி சேர். நன்றி." இத வச்சு பேஸ்புக்குக்கு ஒரு நிமிச வீடியோ செய்யணும். அவ கமராக்கு முன்னால வர வெக்கப்படுறா. ஸ்கிரிப்ட் எப்பிடி எழுதுற?

பதில்: தம்பி, ஸ்கிரிப்ட் எழுத உக்கார முதல் அந்த அம்மாக்கு ஒரு கோல் எடுங்க. அவ எழுதினது உங்களுக்கு, ஊருக்கு இல்ல. நன்றி சொல்லி அனுப்பின மெசேஜ விளம்பரத்தில போடுறதுக்கு தனியாக் கேக்கணும், கேக்கக்குள்ள என்ன போடப்போறீங்க, எங்க போடப்போறீங்க, மகள்ட பேர் வருமா வராதா எண்டதெல்லாத்தையும் சொல்லிக் கேக்கணும், ஏனெண்டா "ஓம் சேர் போடுங்க" எண்டு மரியாதைக்குச் சொல்லிட்டு பிறகு சொந்தக்காரர் எல்லாம் பாத்துட்டு "உங்கட மகள் 28ஆ எடுத்தவ" எண்டு கேக்கக்குள்ள அந்தப் புள்ள அழும். அதால புள்ளைக்கிட்டயும் கேளுங்க. 28 எடுத்தது அவ, அம்மா இல்ல. அவ வேணாம் எண்டா மார்க்ஸ் இல்லாம செய்யுங்க, அப்பிடியும் நல்லாச் செய்யலாம், கீழ சொல்லுறன்.

கோல்ல பேசினது காணாது. பிறகு இப்பிடி ஒரு மெசேஜ் போட்டு அவட பதில வாங்கி வச்சிருங்க: "நீங்க அனுப்பின கருத்த எங்கட பேஸ்புக் பக்கத்தில ஒரு நிமிச வீடியோவாப் போட விரும்புறம். உங்கட பேர், மகள்ட பேர், முகம், பாடசாலை ஒண்டும் வராது. போட முதல் உங்களுக்கு அனுப்பிக் காட்டுவம். எப்ப வேணாம் எண்டாலும் எடுத்திருவம்." இதுக்காக அவக்கு வகுப்புக் காசில ஒண்டும் குறைக்காதீங்க. ஏற்கனவே குறைச்சிருந்தா அத வீடியோவிலயே சொல்லணும், இல்லாட்டி பாக்கிற மத்த அம்மாமாருக்கு அது ஏமாத்து.

இப்ப அந்த மெசேஜ ஒருக்கா பேனையோட வாசிங்க. எல்லாரும் முதல்ல கோடு போடுறது "நீங்க தெய்வம் மாதிரி சேர்" எண்டதுக்குத்தான். நான் அதத்தான் முதல்ல வெட்டுவன். அந்த வசனத்த கல்முனையில இருக்கிற வகுப்புக்கும் போடலாம், அக்கரைப்பத்தில இருக்கிறதுக்கும் போடலாம், உங்கட வகுப்பில என்ன நடக்குது எண்டு அதில ஒண்டுமே இல்ல. பாக்கிற அம்மா தன்ட புள்ளைய அதுக்குள்ள காண மாட்டா. ஆனா கொப்பிய ஒளிச்சு வைக்கிற புள்ள எத்தின வீட்டில இருக்கு! அந்த இடத்தில அவ நிண்டு பாப்பா. அதுதான் உங்கட முதல் வசனம், அத மெசேஜிட நடுவில இருந்து தூக்கி முன்னுக்குக் கொண்டு வாங்க. வரிசைய மாத்தலாம், சொல்ல மாத்தக் கூடாது.

ரெண்டாவது, பிழைச்ச கணக்க அடுத்த கிழமை திருப்பிச் செய்ய விடுறது. மெசேஜ் முழுக்க உங்கட வகுப்பு எப்பிடி நடக்குது எண்டு சொல்லுறது அந்த ஒரே வசனம்தான், அத விட்டா 28, 53 ஆனதுக்கு ஒரு காரணமும் இல்லாமப் போயிரும். அவ வகுப்புக்குள்ள வந்து பாக்கல்ல, மகள் சொன்னதச் சொல்லுறா, அத அப்பிடியே "மகள் சொன்னவ" எண்டு விடுங்க. அத "இங்க சிறப்பான கற்பித்தல் முறை இருக்கு" எண்டு மாத்தினீங்கண்டா அது அம்மா பேசுறது இல்ல, நீங்க பேசுறது.

மார்க்ஸ் விசயத்தில கவனம். 28 எண்டா W, 53 எண்டா C, நம்மட ஊரில அம்மா அப்பாமாருக்கு அது சொல்லாமலே விளங்கும், அதால "கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு" எண்டு கணக்குப் போட்டு எழுத வேணாம். எந்த ஆண்டு, எந்தத் தவணை எண்டு ரெண்டு இடத்திலயும் சொல்லுங்க, ஏனெண்டா ரெண்டும் வேற வேற பேப்பர், பாக்கிற ஆள் அத அறிஞ்சு நிறுத்துப் பாக்கட்டும். "எங்கட வகுப்பாலதான்" எண்டு சேக்காதீங்க, பாடசாலையிலயும் ஒரு ரீச்சர் அந்தப் புள்ளைக்குப் படிப்பிச்சிருக்கா. "உங்கட புள்ளையும் இப்பிடி எடுக்கும்" எண்டும் வேணாம். ஒரு புள்ளைட கதை ஒரு புள்ளைட கதைதான்.

இனி சைக்கிள். இதத்தான் நீங்க வெட்டப் போறீங்க எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டா அது முறைப்பாடு மாதிரிக் கிடக்கு. ஆனா தம்பி, இந்த மெசேஜில மிச்சம் பெறுமதியான வசனம் அதுதான். பொம்புளப் புள்ளைய இருட்டில அனுப்புற பயம் இல்லாத அம்மா இங்க ஆரு? முதல்ல அந்த விசயத்தச் செய்யுங்க. நேரத்த 6 மணிக்கு மாத்த ஏலுமெண்டா மாத்துங்க, ஏலாட்டி ஒரே ரோட்டால போற புள்ளைகள் சேந்து போற மாதிரி ஒழுங்கு செய்யுங்க. செய்த பிறகு அந்த அம்மாக்கிட்டயே "இப்ப எப்பிடி?" எண்டு கேளுங்க, அவ சொல்லுற பதில் ஸ்கிரிப்ட்டில வரட்டும். ஒண்டும் செய்யல்லயெண்டா அந்தப் பகுதிய விட்டுத்தான் ஆகணும், மாத்தினதாச் சொல்லாதீங்க, நாளைக்கே ஒரு புள்ளைட அம்மா கொமண்ட்டில வந்து எழுதுவா.

கோல்ல பேசக்குள்ள இன்னும் ஒண்டு செய்யுங்க. எழுதக்குள்ள ஆக்கள் சுருக்கித்தான் எழுதுவாங்க, கேட்டா விரியும். "கொப்பிய எங்க ஒளிப்பா, நீங்க எப்பிடிக் கண்டுபிடிச்ச?" எண்டு கேளுங்க. அவ சொல்லுறத அப்பிடியே எழுதி வைங்க. ஆனா அவ சொல்லல்லயெண்டா கட்டிலுக்குக் கீழ எண்டு நீங்களா எழுதாதீங்க.

நான் எழுதினா இப்பிடித்தான் வரும், 6 மணிக்கு மாத்திட்டீங்க எண்டு வச்சுத்தான் எழுதுறன்:

*படம்: மேசையில ஒரு கணக்குக் கொப்பி, ஒரு கை அத விரிக்குது. முகம் இல்ல.*
குரல்: முந்தி மகள் கணக்குக் கொப்பிய ஒளிச்சு வைப்பா. (எங்க ஒளிச்சா எண்டு அவ சொன்னா அது இங்க.)

*படம்: கொப்பியில சிவப்புப் பேனை அடையாளம், கிட்டவா.*
குரல்: 9ஆம் ஆண்டு மூண்டாம் தவணையில கணிதம் 28.

*படம்: பிழைச்ச கணக்கு. பக்கம் புரளுது. அதே கணக்கு, இந்த முறை சரி.*
குரல்: வகுப்பில பிழைச்ச கணக்க அடுத்த கிழமை திருப்பியும் செய்ய விடுறாங்களாம், மகள் சொன்னவ.

*படம்: கொப்பிய எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்து இருக்கிற புள்ள, தோளுக்குப் பின்னால இருந்து.*
குரல்: இப்ப கொப்பிய அவவே எடுத்துக்கொண்டு வந்து இருக்கா. 10ஆம் ஆண்டு மூண்டாம் தவணையில 53.

*படம்: வகுப்புக் கேட்டில சைக்கிள்கள், இன்னும் வெளிச்சம் இருக்கு.*
குரல்: வகுப்பு 7 மணிக்கு முடியும், இருட்டில சைக்கிள்ல வாறது எனக்குப் பயம். சேருக்குச் சொன்னன். இப்ப 6 மணிக்கு முடிக்கிறாங்க.

*படம்: வகுப்புப் பேர், எந்த ஆண்டுகளுக்கு, போன் நம்பர். குரல் இல்ல.*

இத ஆறுதலா சத்தமா வாசிச்சு போன் ஸ்டொப்வொட்ச்சில பாருங்க, பக்கம் புரளுற இடத்துக்கும் கேட்டடிக்கும் மூச்சு விட இடம் வச்சாலும் ஒரு நிமிசத்துக்குள்ள அடங்கும். அடங்கல்லயெண்டா வேகமா வாசிக்க வேணாம், ஒரு வசனத்தக் குறைங்க. புள்ள மார்க்ஸ் சொல்ல வேணாம் எண்டா ரெண்டு எண்ணையும் எடுத்திருங்க, கொப்பி ஒளிச்சதும் இப்ப தானா எடுக்கிறதும் மட்டும் நிக்கும், அதுவே போதும்.

குரல் ஆர்ட? அம்மாக்கு முகம் காட்டத்தான் வெக்கம், குரல் குடுக்கிறதுக்கு ஓம் எண்டா அதவிட நல்லது இல்ல. வாட்ஸ்அப் வொய்ஸ் வேணாம், அத சுருக்கித்தான் அனுப்பும், போனிலயே ரெக்கோட் பண்ணுங்க. ஃபேன நிப்பாட்டி, ஜன்னலச் சாத்தி, போன வாயில இருந்து ஒரு சாண் தூரத்தில கொஞ்சம் பக்கத்தால பிடிச்சா "ப" சொல்லக்குள்ள காத்து அடிக்காது. பேப்பரப் பாத்து வாசிக்க விடாதீங்க, பாடசாலையில கட்டுரை வாசிக்கிற மாதிரி வந்திரும். அவக்குக் கிட்ட இருந்து கேள்வியாக் கேளுங்க, "முந்தி கொப்பிய என்ன செய்வா?" எண்டு, அவ தன்ட பேச்சில சொல்லட்டும், உங்கட குரல பிறகு வெட்டலாம். ஸ்கிரிப்ட்டில இருக்கிற சொல்லு வரல்லயெண்டா அவட சொல்லுத்தான் சரி.

குரலுக்கும் வெக்கம் எண்டா வேற ஆள் வாசிக்கலாம், ஆனா வீடியோ தொடங்கி முடியிற வரைக்கும் கீழ "ஒரு பெற்றோர் எழுதியது, வாசிப்பவர் வேறொருவர்" எண்டு இருக்கணும். ஒரு பொம்புளைய சீலை உடுத்தி இருத்தி அம்மா மாதிரிப் பேச வைக்கிறத மட்டும் செய்யாதீங்க. அது பொய், நம்மட ஊர் சின்ன ஊர், அவ ஆரு எண்டு ரெண்டு நாளில தெரிஞ்சிரும், அதோட அந்த உண்மையான அம்மா எழுதினதயும் ஒருவரும் நம்ப மாட்டாங்க.

எடுக்கக்குள்ள போன நெட்டுக்குத்தாப் பிடிங்க, முழுக்க எழுத்தும் போடுங்க, பஸ்ஸில வீட்டில சத்தம் இல்லாமத்தான் நிறையப் பேர் பாக்கிற. எழுத்த ஆகக் கீழ போடாம கொஞ்சம் மேல தூக்கிப் போடுங்க, கீழ பேஸ்புக்கிட பட்டன்கள் மறைக்கும். கொப்பிய எடுக்கக்குள்ள மட்டையில பேர், பாடசாலை இருக்கும், உள்பக்கத்த மட்டும் எடுங்க, யூனிஃபோம் வேணாம், பட்ஜ வச்சே பாடசாலைய அறிஞ்சிருவாங்க. சைக்கிள் எடுக்கிற இடத்தில மத்தப் புள்ளைகள்ட முகம் விழுதா எண்டும் பாருங்க, அதுகள்ட அம்மாமார்கிட்ட நீங்க கேக்கல்ல.

முடிஞ்ச வீடியோவ முதல்ல அந்த அம்மாக்கு அனுப்புங்க, மகளோட சேந்து பாக்கச் சொல்லுங்க. ஒரு நாள் விடுங்க, உடனே பதில் கேக்காதீங்க. ரெண்டு பேரும் ஓம் எண்டா ஏத்துங்க, சாதாரண தரச் சோதினை கிட்ட வரக்குள்ள அந்தப் புள்ள எடுக்கச் சொல்லிச்செண்டா அண்டைக்கே எடுத்திருங்க.