எக்ஸ்ரேயில் தெரியும் குதிகால் முள்ளை வெட்டினால் வலி போகுமா?

கேள்வி: அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். குதிகால் வலி என்று எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் முள் வளர்ந்திருக்கிறதாம். அதை வெட்டி எடுத்தால் சரியாகுமா?

வெட்ட அவசரப்பட வேண்டாம். அநேகமாக வலிப்பது அந்த முள் அல்ல.

நான் ஹட்டன் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா இதே முறைப்பாட்டோடு வந்தார். வலி வலது காலில். ஆனால் இரண்டு காலையும் படம் எடுத்திருந்தார்கள். இடது குதிகாலில் இருந்த முள் இன்னும் பெரியது. அந்தக் காலோ அவருக்கு ஒருநாளும் வலித்ததில்லை. இது அதிசயமில்லை. வலியே இல்லாத பலருக்கும், வயதும் எடையும் கூடக் கூட, இந்த முள் படத்தில் தெரியும். படத்தைப் பார்த்தால் தரையில் குத்துவதுபோல்தான் இருக்கும். உண்மையில் அது விரல்களை நோக்கி முன்பக்கமாக நீண்டு, தசைக்குள் புதைந்து கிடக்கிறது.

அந்த அக்காவுக்குக் காலையில் பாயை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகள்தான் நரகம். பெரட்டுக்களத்துக்கு நடந்து போவதற்குள் குறைந்துவிடும், பின்னேரம் திரும்ப வரும். குதிகாலின் அடியில், உள்பக்கமாகக் கொஞ்சம் முன்னுக்கு அழுத்தினால் துடித்தார். பெருவிரலை மேலே வளைத்தால் வலி கூடியது. இவை பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தடித்த சவ்வு நொந்திருப்பதன் அடையாளம். மலை ஏறும்போது கெண்டைக்கால் இறுகி அந்தச் சவ்வையும் சேர்த்து இழுக்கிறது. அதோடு நாள் முழுக்கச் சரிவில் நிற்பது, தேய்ந்த ரப்பர் செருப்பு வேறு.

அவருக்குச் சொன்னது இவ்வளவுதான். எழுந்து காலை ஊன்றுவதற்கு முன், வலிக்கிற காலை மற்றத் தொடையில் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுக்க வேண்டும். அடிப்பாதம் நாண்போல் விறைக்கும். 10 எண்ணும்வரை பிடித்து விட்டுவிட்டு, 10 தடவை. இப்படி நாளுக்கு மூன்று முறை. சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தூக்காமல் கெண்டைக்காலையும் இழுத்துவிட வேண்டும். வீட்டுக்குள்ளும் குதிகால் பக்கம் தடித்த செருப்பு. வலி அடங்க மாதங்கள் எடுத்தன. இதற்கு அப்படித்தான் எடுக்கும். முள்ளை யாரும் தொடவில்லை.

குதிகாலில் ஸ்டீரொய்ட் ஊசி போட்டால் சீக்கிரம் சுகம் தெரியும்தான். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு கிழியவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும் இடமுண்டு. ஒப்பரேஷன் பல மாதம் இதையெல்லாம் செய்தும் பலனில்லாதவர்களுக்குத்தான்.

அம்மாவின் குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். அதில் கடுமையாக வலித்தால் எலும்பில் மெல்லிய வெடிப்பு இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, பாதம் எரிந்து மரத்துப்போனாலோ, வேறு மூட்டுகளும் காலையில் விறைத்துக் கிடந்தாலோ, பயிற்சியோடு நிற்காமல் டொக்டரிடம் மறுபடி காட்டுங்கள்.