பேறுகால விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை: ஏன் மறுத்தோம்?

"மேடம், பேறுகால விடுப்பு முடிஞ்சு அடுத்த வாரம் வேலைக்கு வரணும். ஆறு மாசம் வீட்டிலிருந்தே பார்க்கிறேன்னு கேட்டேன், 'பாலிசிப்படி முடியாது'ன்னு ஒரே வரியில பதில். சட்டத்துலயே இடம் இருக்காமே? எங்க டீம்ல ஒருத்தங்களுக்குக் கொடுத்திருக்கீங்களே?"

அந்த ஒற்றை வரி உங்களுக்குப் போதாது. காரணத்தைச் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

நீங்கள் சொல்லும் விதி 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி ஒத்துக்கொள்ளும் காலத்துக்கும் நிபந்தனைக்கும் உட்பட்டு, நிறுவனம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கலாம் என்கிறது அது. அனுமதித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே எங்கள் பாலிசியும் முதலில் பார்ப்பது வேலையின் தன்மையைத்தான்.

நீங்கள் இருப்பது வங்கி கார்டு அழைப்புப் பிரிவில். வாடிக்கையாளர் கார்டு எண்ணை வாய்விட்டுச் சொல்வார், திரையிலும் முழு எண் வரும். அதனால்தான் அந்தப் பிரிவு இருக்கும் அலுவலகத் தளத்துக்குள் போவதற்கு முன் செல்போன், பேனா, காகிதம் எல்லாவற்றையும் லாக்கரில் வைக்கச் சொல்கிறோம். கார்டு பாதுகாப்புத் தணிக்கைக்கு வருபவர்கள் பார்ப்பதும் இதைத்தான். வங்கியோடு போட்ட ஒப்பந்தமும் அந்தத் தளத்தில் மட்டும் இந்த வேலையைச் செய்ய அனுமதிக்கிறது. உங்கள் மேல் சந்தேகம் துளியும் இல்லை. உங்கள் வீட்டு அறையில் யார் காதில் என்ன விழுகிறது என்பதற்கு வங்கியிடம் எங்களால் உறுதி கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

உங்கள் சக ஊழியர் பார்ப்பது மின்னஞ்சல் புகார்கள். அவர் திரையில் கார்டின் கடைசி 4 இலக்கங்கள்தான் தெரியும். டீம் ஒன்றானாலும் கையாளும் தகவல் வேறு. இதே அழைப்பு வேலையில் ஒருவருக்கு அனுமதித்துவிட்டு உங்களுக்கு மறுத்திருந்தால், தவறு எங்களுடையது. மேலாளருக்குப் பிடிக்கவில்லை என்ற காரணத்தால் மறுத்திருந்தாலும் அப்படியே.

உங்கள் குழந்தையின் கணக்குக்கு வருகிறேன். 26 வார விடுப்பில் 4 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டீர்கள். நீங்கள் திரும்பும்போது குழந்தைக்கு ஐந்து மாதம் நிறைந்திருக்கும். 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு இடைவேளை போக, தினமும் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை எடுக்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்பதால் காப்பகம் இருக்கிறது. ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம். இவை உங்கள் உரிமை, யாரிடமும் கெஞ்ச வேண்டாம். டீம் லீடர் முகம் சுளித்தால் அன்றைக்கே எனக்கு எழுதுங்கள்.

வீட்டிலிருந்துதான் வேண்டும் என்றால் மின்னஞ்சல் பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். இடம் காலியானால், விடுப்பிலிருந்து திரும்பியவர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்லி நானே பரிந்துரைக்கிறேன். விண்ணப்பத்தில் எத்தனை மாதம், எந்த ஷிப்ட், பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள். முதல் விண்ணப்பத்தில் இவை இல்லை.